மினிமம் டியூ கட்டிய பிறகும் 2,637 ரூபாய் வட்டி ஏன்?

"ஐயா, ஜூன் 18-ம் தேதி புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் 36,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்கி கிரெடிட் கார்டில் தேய்த்தேன். பில்லில் 2,000 கட்டச் சொன்னார்கள், கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டேன். அடுத்த பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜ் என்று 2,637 ரூபாய் போட்டிருக்கிறார்கள். 50 நாள் வட்டி கிடையாது என்று சொல்லித்தானே கார்டு கொடுத்தார்கள்? நான் ஏமாற்றப்பட்டேனா? இப்போது என்ன செய்ய வேண்டும்? இரண்டு பில்லின் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கிறேன்." — வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வங்கி கணக்கில் தப்பு செய்யவில்லை. உங்கள் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு நானே நாள் நாளாகப் போட்டுப் பார்த்தேன், அதே 2,637 ரூபாய்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கை யாரும் உங்களுக்கு உட்கார்ந்து விளக்கவில்லை. அந்தக் குறை நிஜமானது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இதை எழுதியது ஆகஸ்ட் 14-ம் தேதி. பணம் கட்டச் செப்டம்பர் 1 வரை நேரம் இருப்பதுபோல பில்லில் தெரியும். அதுவரை காத்திருக்காதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

முதல் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். அது ஜூலை 12-ம் தேதி போட்ட பில். ஜூன் 13 முதல் ஜூலை 12 வரை நீங்கள் செலவழித்ததெல்லாம் அதில் அடங்கும். ஃப்ரிட்ஜ் 36,000, ஜூலை 5-ல் மருந்துக் கடையிலும் மளிகையிலும் 4,000. இரண்டும் சேர்ந்து மேலே Total Amount Due என்ற இடத்தில் 40,000. அதற்குக் கீழே Minimum Amount Due என்று 2,000. அதன் பக்கத்தில் Payment Due Date, ஆகஸ்ட் 1.

இந்த மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு '2,000 கட்டினால் இந்த மாதம் முடிந்தது' என்றுதான் தோன்றும். அந்த 2,000 என்பது மொத்தப் பாக்கியில் 5 சதவீதம். அதைக் கட்டினால் இரண்டு விஷயங்கள் நடக்காமல் தடுக்கலாம்: தாமதக் கட்டணம் விழாது, தவணை தவறியவர் என்று சிபிலுக்குத் தகவல் போகாது. அவ்வளவுதான் அதன் வேலை. வட்டியை அது தடுக்காது. 'மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் அடைய மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இழுக்கும், வட்டி ஏறிக்கொண்டே போகும்' என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உங்கள் பில்லின் பிடிஎஃப்-ஐ முழுதாகத் திறந்து பாருங்கள், அந்த வாசகம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் முதல் பக்கத்தின் மேல்பாதிதான் வந்திருக்கிறது, அதனால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

அடுத்து அந்த 50 நாள். அது பொய்யில்லை, ஆனால் எல்லாப் பொருளுக்கும் 50 நாள் கிடைக்காது. உங்கள் கார்டில் பில் மாதம் 13-ம் தேதி தொடங்குகிறது. ஜூன் 13-லேயே ஒரு பொருள் வாங்கியிருந்தால், கட்டும் நாளான ஆகஸ்ட் 1-ஐயும் சேர்த்து அதற்கு 50 நாள் வரும். ஜூலை 12-ல் வாங்கியிருந்தால் அதே ஆகஸ்ட் 1-க்குள் கட்ட வேண்டும், 21 நாள்தான். உங்கள் ஃப்ரிட்ஜுக்குக் கிடைத்தது 45 நாள். ஜூலை 5-ல் வாங்கிய மளிகைக்கும் மருந்துக்கும் 28 நாள். பெரிய செலவு வைத்திருப்பவர்கள் பில் தேதிக்கு மறுநாள் வாங்குவது இதனால்தான்.

இந்த நாட்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆகஸ்ட் 1-க்குள் 40,000 ரூபாயையும் முழுதாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் 45 நாளுக்கும் வட்டி பூஜ்யம். கட்டவில்லை என்றால், கட்டாமல் விட்ட 38,000-க்கு ஆகஸ்ட் 2-லிருந்து வட்டி போடுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி இல்லை. கொடுத்த சலுகையையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் அதை வாங்கிய நாளிலிருந்து வட்டி போடுவார்கள். ஃப்ரிட்ஜுக்கு வட்டி ஜூன் 18-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் முழுதாகக் கட்டியிருந்தால் அது அழிந்திருக்கும், கட்டாததால் நின்றுவிட்டது.

உங்கள் ஆகஸ்ட் 12 பில்லின் கணக்கைச் சேர்ந்தே பார்த்துவிடுவோம். பில்லின் கடைசிப் பக்கத்தில் வட்டி மாதம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42 சதவீதம் என்று இருக்கிறது. தொகையை நாட்களால் பெருக்கி, 0.42-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் வட்டி கிடைத்துவிடும்.

ஃப்ரிட்ஜின் 36,000 ரூபாய் ஜூன் 18 முதல் ஜூலை 31 வரை 44 நாள் நின்றது. அதற்கு வட்டி சுமார் 1,823 ரூபாய். ஜூலை 5-ன் 4,000 அதே ஜூலை 31 வரை 27 நாள், அதற்கு 124. ஆகஸ்ட் 1-ல் உங்கள் 2,000 வந்து சேர்ந்தது, அதனால் அன்றிலிருந்து பாக்கி 38,000. அது ஆகஸ்ட் 12 வரை 12 நாளுக்கு 525 ரூபாய். இதுவரை 2,472.

மீதி எங்கே? ஜூலை 20-ல் நீங்கள் 6,000 ரூபாய்க்குச் செலவு செய்திருக்கிறீர்கள், இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டில் மூன்றாவது வரி. அது புதுச் செலவு, அதற்கான பில்லே ஆகஸ்ட் 12-ல்தான் வந்தது. ஆனால் பழைய பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி தொடங்கி 24 நாளுக்கு 166 ரூபாய். பைசாக்களைச் சேர்த்துக் கூட்டினால் 2,637.

அந்த 166 ரூபாய் தொகையில் சின்னது. ஆனால் என்னிடம் பில் கொண்டு வருபவர்களில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பாக்கி வைத்துவிட்டு அதே கார்டை மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மளிகையும் முதல் நாளிலிருந்தே வட்டிக்கு வாங்கிய மளிகைதான்.

வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, உங்கள் பில்லில் அது 475 ரூபாய். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. ஆக நீங்கள் கட்டியது 2,000, ஏறியது 3,112. அதனால்தான் 38,000 இருக்க வேண்டிய இடத்தில், புது 6,000-மும் சேர்ந்து Total Amount Due இப்போது 47,112 என்று நிற்கிறது.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது நூற்றுக்கு மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியையும் சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல். கடை வீதியில் ஒருவர் நாலு வட்டி கேட்டால் நீங்கள் யோசிக்காமல் எழுந்து வந்துவிடுவீர்கள். பில்லில் 3.5% என்று பொடி எழுத்தில் இருக்கும்போது அது மாத வட்டி என்பதே மனதில் ஏறுவதில்லை. இவ்வளவு வாங்கலாமா என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பு சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் வட்டி விகிதத்தை எதிர்த்துப் புகார் செய்து பலன் இல்லை.

இதை எழுதும்போதே இன்னொரு கேள்வி வரும் என்று தெரியும்: 'கொஞ்சம் கூடக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேனா?' அதையும் போட்டுப் பார்த்தேன். ஆகஸ்ட் 1-ல் நீங்கள் 39,000 கட்டி, 1,000 ரூபாய் மட்டும் பாக்கி வைத்திருந்தாலும் ஃப்ரிட்ஜுக்கும் மளிகைக்கும் ஜூலை 31 வரை உள்ள வட்டி அப்படியே விழும், சுமார் 1,947. அதோடு பாக்கி நின்ற 1,000-க்கு 14 ரூபாய், ஜூலை 20 செலவுக்கு 166. மொத்தம் 2,126 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆயிரம் ரூபாய் குறைந்ததற்கு இரண்டாயிரத்துக்கு மேல் வட்டி. பாதி கட்டினால் பாதி வட்டி என்ற கணக்கு முதல் பில்லில் செல்லாது. முழுதாகக் கட்ட ஓர் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தால், அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கியாவது அன்றைக்கு முழுதாகக் கட்டிவிடுவது நல்லது.

ஆனால் நீங்கள் இப்போது இருக்கும் இடம் வேறு. சலுகை ஏற்கெனவே போய்விட்டது, வட்டி நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒவ்வொரு ரூபாயும், ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். வட்டியையும் வரியையும் விட்டு, அசல் 44,000-க்கு மட்டும் பார்த்தாலே ஜிஎஸ்டியோடு ஒரு நாளைக்கு 60 ரூபாய் ஏறுகிறது. செப்டம்பர் 1 என்பது தாமதக் கட்டணம் விழாமல் இருக்கத்தான் கடைசி நாள். வட்டிக்கும் அந்தத் தேதிக்கும் இப்போது சம்பந்தமில்லை. ஆகஸ்ட் 18-ல் 47,112-ஐயும் கட்டினால், 13 முதல் 17 வரை ஐந்து நாளுக்கு ஜிஎஸ்டி சேர்த்துச் சுமார் 299 ரூபாய் வரும். அதையே செப்டம்பர் 1-ல் கட்டினால் 1,135 வரும். கையில் பணம் இருந்தால் இன்றே கட்டுங்கள் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

மொத்தமாக இல்லை, கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதையும் இன்றே போடுங்கள். கிரெடிட் கார்டில் மாதத்துக்கு ஒரு தடவைதான் கட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 10,000 ரூபாய் போட்டால் அன்றிலிருந்து நாளுக்கு 13, 14 ரூபாய் குறையும். சம்பளம் வந்ததும் இன்னொரு தொகை, சீட்டு எடுத்தால் இன்னொரு தொகை என்று வர வரப் போடலாம். செப்டம்பர் 1-க்குள் போட்டதெல்லாம் சேர்ந்து மினிமம் டியூவைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினிமம் டியூ இந்தத் தடவை 5,312 என்று இருப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. கட்டும் மினிமம் வட்டிக்கே பத்தாமல் அசல் ஏறிக்கொண்டே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகளில் உள்ளது. அதனால் உங்கள் வங்கி வட்டி, வரி 3,112-ஐ முழுதாகவும், அசல் 44,000-ல் 5 சதவீதமான 2,200-ஐயும் கூட்டியிருக்கிறது. செப்டம்பர் 1-ல் இந்த 5,312-ஐ மட்டும் கட்டினால் அசலில் குறைவது 2,200. செப்டம்பர் 12 பில்லில் வட்டியும் வரியுமாக மறுபடி 1,816 ரூபாய் வந்து உட்காரும், அந்தக் கார்டில் ஒரு பைசா புதுச் செலவு செய்யாவிட்டாலும்.

முழுத் தொகை இப்போதைக்குப் புரளாது என்றால் எனக்குத் தெரிந்து இரண்டு வழி. வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக் கடன் வாங்கி கார்டை அடைத்துவிடலாம். வருஷத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 44,000-க்கு நாளுக்கு 12 ரூபாய்தான் ஆகும். கார்டில் ஓடுவது 60. நகையை வைக்க மனமில்லாதவர்கள்கூட இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று, மூன்று நான்கு மாதத்தில் மீட்டுவிட முடியும் என்ற தெளிவோடு வையுங்கள்.

இன்னொரு வழி, அதே கார்டு வங்கியில் பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றச் சொல்வது. ஆப்பிலேயே அந்த வசதி இருக்கும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யலாம். வட்டி மூன்றரையைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள். சரி என்று சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாத வட்டி எவ்வளவு, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் என்ன பிடிப்பார்கள். வட்டிக்கு ஜிஎஸ்டி இதிலும் உண்டு. மாற்றிய பிறகு அந்தத் தவணை ஒவ்வொரு மாதமும் மினிமம் டியூவுக்குள் முழுதாக ஏறும். அதையும் அன்றாடச் செலவையும் சேர்த்து மொத்தத்தையும் கட்டினால்தான் மறுபடி சிக்காமல் இருக்கலாம்.

எந்த வழி என்றாலும் அதுவரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். கையில் எடுக்காவிட்டாலும் ஆட்டோ-டெபிட் ஏதாவது அதில் ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் பில்லில் போன் ரீசார்ஜ் ஒன்று தெரிகிறது. அதை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அவசரம் என்று அந்தக் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் வேண்டாம். பாக்கி இல்லாத காலத்தில்கூட அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி, எடுத்ததற்குக் கட்டணம் தனி.

வங்கிக்கு ஒரு தடவை போன் செய்து, 'இது முதல் தடவை, விவரம் தெரியாமல் மினிமம் மட்டும் கட்டிவிட்டேன், ஃபைனான்ஸ் சார்ஜைக் குறைத்துக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை இல்லை, அவர்கள் விருப்பம். ஆனால் ஒழுங்காகக் கட்டி வந்தவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு தடவை திருப்பித் தருவதுண்டு. முழுப் பாக்கியையும் கட்டிவிட்டுக் கேட்டால் பேச்சுக்கு இன்னும் கொஞ்சம் பலம் இருக்கும். சரி என்று சொன்னால் புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு விஷயத்துக்கு இப்போதே தயாராக இருங்கள். 47,112-ஐயும் கட்டி முடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும்போது செப்டம்பர் 12 பில்லில் மறுபடி ஃபைனான்ஸ் சார்ஜ் என்று ஒரு சின்னத் தொகை வரும். எல்லாம் கட்டிய பிறகும் வட்டியா என்று கோபம் வரும். அது ஆகஸ்ட் 13-லிருந்து நீங்கள் கட்டிய நாள் வரை ஓடிய வட்டி. ஆகஸ்ட் 12-லேயே பில் போட்டுவிட்டதால் அதில் ஏற வழியில்லை. 18-ம் தேதி கட்டியிருந்தால் நான் சொன்ன அந்த 299 ரூபாய்தான் அது. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது நின்றால் மறுபடி பழைய பாக்கி ஆகும், அடுத்த செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். அதையும் கட்டி, அடுத்த பில்லில் பழைய பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகு கார்டை எடுங்கள்.

அந்த பில்கள் வரும்போது இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி போன்றவற்றை அசலோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது என்பது விதி. கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், அதுவும் கட்டாமல் நின்ற தொகைக்கு மட்டும்தான். இதில் ஏதாவது மீறியிருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். வங்கிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலையும், பில்லின் முழுப் பிடிஎஃப்-ஐயும் அதோடு இணைக்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. இனி யாருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் பெயர், முகவரி, கார்டு எண் உள்ள மேல் மூலையை மறைத்துவிட்டு அனுப்புங்கள். எனக்கு வந்ததில் மூன்றுமே தெரிந்தன, படித்து முடித்ததும் அழித்துவிட்டேன்.